மலைக்குள் காற்று: யி ஜிங்கில் இருவர் உறவைப் படிக்கும்போது நேரும் பிழை

நிச்சயதார்த்தம் முடிந்திருந்த ஓர் இளைஞர், தனக்கும் அந்தப் பெண்ணுக்கும் இடையே என்ன இருக்கிறது என்று கேட்டு வந்தார். பழைய சீனக் குறிநூலான யி ஜிங்கின்படி நாணயங்களைப் போட்டதில், அதன் 64 உருக்களில் 31ஆவது உரு, சியென், வந்தது. எதிர்க்கோடாகத் திரும்பும் மாறும் கோடு ஒன்றுகூட இல்லை. ‘பெண் கொள்வது நன்று’ என்று மூலநூல் வெளிப்படையாகச் சொல்லும் உரு அது. அவர் முகம் மலர்ந்தது. நான் அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்த உருவுக்குள் மறைந்திருக்கும் உட்கருவையும் எடுத்துப் பார்த்தேன்.

யி ஜிங்கின் ஒவ்வோர் உருவிலும் ஆறு கோடுகள் உண்டு; முழுக்கோடு யாங், நடுவில் உடைந்த கோடு யின். அவற்றைக் கீழிருந்து மேலாக எண்ண வேண்டும். முதல் கோட்டையும் ஆறாம் கோட்டையும் விட்டுவிட்டு 2, 3, 4 ஆகியவற்றைக் கீழ் முக்கோடாகவும், 3, 4, 5 ஆகியவற்றை மேல் முக்கோடாகவும் அடுக்கினால் கிடைப்பதுதான் உட்கரு உரு. சீனத்தில் இதை ‘ஹூ குவா’ என்பார்கள். பலர் இதை ‘உள் முக்கோடு’ என்பதோடு குழப்பிக்கொள்கிறார்கள். உள் முக்கோடு என்பது முதல் மூன்று கோடுகள் மட்டுமே. உறவுக் கேள்விகளில் அது கேட்பவரைக் குறிக்கும். மேலே உள்ள 4, 5, 6 ஆகிய கோடுகள் மற்றவரை. நீங்கள் எடுத்த உட்கரு சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அதன் 2ஆம் கோடும் 4ஆம் கோடும் ஒன்றாக இருக்க வேண்டும். 3ஆம் கோடும் 5ஆம் கோடும் அப்படியே. இல்லையென்றால் எங்கோ தவறியிருக்கிறீர்கள்.

சியென் உருவின் கோடுகள் கீழிருந்து யின், யின், யாங், யாங், யாங், யின். கீழே உள்ள முக்கோட்டின் பெயர் மலை, மேலே உள்ளதன் பெயர் ஏரி. உட்கருவில் கீழே காற்று வருகிறது, மேலே வானம். அது 44ஆவது உரு, கோவ். அதன் மூலவாக்கியம்: ‘பெண் வலியவள், இத்தகைய பெண்ணைக் கொள்ளாதே.’

நான் அதை அப்படியே வாசித்துக் காட்டினேன். என் தொழிலில் நான் செய்த மோசமான தவறுகளில் அது ஒன்று. அடுத்த இரண்டு வாரங்கள் அவர் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் அழைத்து, ‘அவள் எதை மறைக்கிறாள்?’ என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தார்.

தவறு எங்கே என்பதை எளிய கணக்கே காட்டும். முதல் கோடும் ஆறாம் கோடும் எப்படி இருந்தாலும் உட்கரு மாறாது. ஆகவே 64 உருக்களுக்கும் சேர்த்து 16 உட்கருக்கள்தான். ஒவ்வொன்றையும் நான்கு உருக்கள் பகிர்ந்துகொள்கின்றன. கோவ் உருவைத் தம்முள் வைத்திருப்பவை நான்கு: 13 (தோழமை), 31 (ஈர்ப்பு), 33 (பின்வாங்கல்), 49 (புரட்சி). தோழமைக்கும் பின்வாங்கலுக்கும் பொதுவாக இருக்கும் ஒன்றை, தனியொரு பெண்ணின் மேல் சுமத்தும் தீர்ப்பாக எப்படி வாசிப்பது? உட்கருவின் மூலவாக்கியத்தை இப்போதெல்லாம் நான் திறப்பதே இல்லை. (கி.பி. 3ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் வாங் பி இந்த முறையையே தேவையற்றது என்று ஒதுக்கினார். அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன். ஆனால் அவருடைய எரிச்சல் எனக்குப் புரிகிறது.)

பிறகு அவரை நேரில் வரச்சொல்லி, கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டு பேசினோம். காற்று என்ற கீழ் உட்கருவில் அவருடைய கோடுகள் இரண்டு, அவளுடையது ஒன்று. அதாவது தனியே இருக்கையில் அவர் மலை, அசையாதவர். அவளுடைய ஒரே ஒரு கோடு வந்து சேர்ந்ததும் வளைந்துகொடுக்கும் காற்றாகிவிடுகிறார். மேல் உட்கருவில் அவளுடைய கோடுகள் இரண்டு, அவருடையது ஒன்று. வெளியே சிரித்துப் பேசும் ஏரி, அவருடைய கோட்டையும் சேர்த்துக்கொண்டு மூன்றும் முழுக்கோடான வானமாகிறது; அவள் முடிவெடுப்பவளாகிறாள். 3ஆம், 4ஆம் கோடுகள் இரண்டு உட்கருக்களிலும் இருக்கின்றன. ஒன்று அவருடையது, மற்றது அவளுடையது. உறவின் மூட்டு அதுதான். அங்கே இரண்டும் யாங். இருவரும் உறுதியாக இருக்கும் இடத்தில் ஒருவர் மட்டும் விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று அதைப் படித்தேன்.

இதை அவரிடம் தீர்ப்பாகச் சொல்லவில்லை, கேள்வியாகக் கேட்டேன். ‘கடைசியாக எந்த விஷயத்தில் மனமில்லாமல் சரி என்றீர்கள்?’

சற்று நேரம் பேசாமல் இருந்தார். திருமணத்துக்குப் பிறகு அவளுடைய பெற்றோர் வீட்டுத் தெருவிலேயே குடியிருப்பது என்று முடிவாகியிருந்ததாம். அவருக்கு அதில் துளியும் விருப்பமில்லை. ‘அதை அவளிடம் சொன்னீர்களா?’ என்றேன்.

‘இல்லை’ என்றார்.