வெற்றி விழுக்காடு அல்ல, புள்ளி விழுக்காடு

உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் பட்டியல் மாறும்போதெல்லாம் தமிழில் ஒரே வாக்கியம் வந்துவிடுகிறது: "வெற்றி சதவீத அடிப்படையில் இந்திய அணி இத்தனையாவது இடத்தில் உள்ளது." தொலைக்காட்சியிலும் நாளிதழிலும் வர்ணனையிலும் இதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் அந்தப் பட்டியலில் வெற்றி சதவீதம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

பட்டியலின் ஒரு கட்டத்தில் PCT என்று இருக்கும். சதவீதம் என்பதன் சுருக்கம், அவ்வளவுதான். எதன் சதவீதம் என்பதை அது சொல்வதில்லை. அமெரிக்க பேஸ்பால் பட்டியல்களிலும் இதே மூன்று எழுத்துகள் உண்டு. அங்கே அது உண்மையாகவே வெற்றியின் வீதம். டெஸ்ட் பட்டியலில் அது வேறு கணக்கு: ஓர் அணி ஆடிய ஆட்டங்களில் அதிகபட்சம் எத்தனை புள்ளிகள் பெற்றிருக்கலாம், அதில் எத்தனையைப் பெற்றது என்பதுதான். மொழிபெயர்த்தவர் கணக்கைப் பார்க்காமல், வேறொரு கட்டத்தில் இருந்த வெற்றியை எடுத்து ஒட்டிவிட்டார்.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சதம் என்றால் நூறு, வடசொல். தலைக்குப் பத்து ரூபாய் வீதம் என்கிறோமே, அந்த வீதம் அதனோடு சேர்ந்து சதவீதம் ஆயிற்று. விழுக்காடு தமிழ்ச்சொல். பங்கு என்பது அதன் பழைய பொருள். ஒருவர் பாகத்துக்கு விழுவது விழுக்காடு. இரண்டில் எதை எழுதினாலும் எனக்குச் சம்மதமே. இந்த இடத்துக்கு விழுக்காடு இன்னும் பொருத்தம், ஏனென்றால் நாம் பேசுவது ஒரு பங்கைப் பற்றி.

என் வருத்தம் எங்கே தொடங்குகிறது என்றால், தூய தமிழில் எழுதுவதாகச் சொல்லும் சிலர் இப்போது "வெற்றி விழுக்காடு" என்று திருத்தி எழுதுகிறார்கள். தமிழாசிரியரான நண்பர் ஒருவர் இதைப் பெருமையோடு எனக்குக் காட்டினார். நன்றாக இருந்த பாதியை மாற்றிவிட்டு, பிழையாக இருந்த பாதியை அப்படியே விட்டுவிட்டார்கள். வடசொல்லை நீக்கியதால் தப்பான கணக்கு சரியாகிவிடுமா?

"புள்ளி வெற்றியால்தானே வருகிறது, இதில் என்ன பெரிய வேறுபாடு?" என்று நண்பர் கேட்டார். அவருக்கு 2023 ஆஷஸ் தொடரைத்தான் காட்டினேன்.

இந்தக் கணக்கில் ஓர் ஆட்டத்துக்கு 12 புள்ளிகள். வென்றால் 12, டை ஆனால் ஆளுக்கு 6, டிரா ஆனால் ஆளுக்கு 4. அந்தத் தொடரில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் தலா இரண்டு ஆட்டங்களை வென்றன. மான்செஸ்டரில் நடந்த நான்காவது டெஸ்டின் கடைசி நாளை மழை விழுங்கியது. ஆஸ்திரேலியா 5 விக்கெட்டுக்கு 214 ரன்களுடன், இன்னும் 61 ரன்கள் பின்தங்கி நின்றது. ஒரு பந்துகூட வீசப்படவில்லை, ஆட்டம் டிரா. ஆக ஐந்து ஆட்டங்கள், 60 புள்ளிகள். இரு அணிகளுக்கும் 24-உம் 4-உம் சேர்ந்து 28. விழுக்காடு 46.67. ஐந்தில் இரண்டு வெற்றி என்றால் வெற்றி விழுக்காடு 40 தானே? இங்கேயே இரண்டும் பிரிந்துவிட்டன.

கதை அதோடு முடியவில்லை. ஓவர்களை உரிய நேரத்தில் வீசி முடிக்காவிட்டால், குறையும் ஒவ்வோர் ஓவருக்கும் ஒரு புள்ளி கழிக்கப்படும். தொடர் முடிந்தபின் இங்கிலாந்துக்கு 19 புள்ளிகளும் ஆஸ்திரேலியாவுக்கு 10 புள்ளிகளும் வெட்டப்பட்டன. இங்கிலாந்தின் 28 ஒன்பதாகச் சுருங்கி 15 விழுக்காடு ஆயிற்று. ஆஸ்திரேலியா 18 புள்ளிகளோடு 30 விழுக்காட்டில் நின்றது. இருவரும் வென்றது தலா இரண்டு ஆட்டங்கள்தான்.

அதே வேளையில் மேற்கிந்தியத் தீவுகள் இந்தியாவோடு இரண்டு டெஸ்ட் ஆடியிருந்தது. டொமினிக்காவில் தோல்வி. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கடைசி நாள் மழையால் டிரா. பெற்றது 24-இல் 4 புள்ளி, அதாவது 16.67 விழுக்காடு. பட்டியலில் அது இங்கிலாந்துக்கு மேலே இருந்தது. இதை "வெற்றி விழுக்காடு" என்று எழுதினால் வாசகர் என்ன புரிந்துகொள்வார்? ஓர் ஆட்டமும் வெல்லாத அணிக்கு 16.67 வெற்றி, இரண்டு வென்ற அணிக்கு 15 வெற்றி! நண்பர் இதற்குப் பிறகு வாதாடவில்லை.

"வெற்றி தோல்வி விகிதம்" என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது வெற்றிகளைத் தோல்விகளால் வகுக்கும் கணக்கு. டிராவுக்கு அதில் இடமே இல்லை.

ஆகவே என் பரிந்துரை: புள்ளி விழுக்காடு. புள்ளிவிவரம், சதவீதப் புள்ளி என்றெல்லாம் சொற்கள் இருப்பதால் குழம்பும் என்று யாராவது சொன்னால், முதல் முறை "ஈட்டிய புள்ளி விழுக்காடு" என்று முழுதாக எழுதலாம்.

வெற்றி விழுக்காடு என்ற சொல்லுக்கும் வேலை இருக்கிறது. அணித்தலைவரின் சாதனையைச் சொல்லும்போது அதுதான் சரி. ஆனால் அங்கேயும் எதை வகுத்தோம் என்று தெரிய வேண்டும். ஒருநாள் போட்டியில் ஓர் அணி 10 ஆட்டங்களில் 6 வென்று, 3 தோற்று, ஒன்று மழையால் முடிவில்லாமல் போயிருந்தால், வழக்கமான கணக்கு அந்த ஆட்டத்தை ஒதுக்கிவிட்டு ஆறை ஒன்பதால் வகுக்கும்: 66.67. பத்தால் வகுப்பவருக்கு 60 வரும். டை ஆன ஆட்டம் அரை வெற்றியாக எண்ணப்படும். டெஸ்டில் டிரா ஒதுக்கப்படுவதில்லை; ஆடிய ஆட்டமாகவே நிற்கும்.

இதனால்தான் டிராவையும் டையையும் ஒரே "சமன்" என்ற சொல்லில் அடைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. கால்பந்தில் கோல்கள் சமமானால் சமன் என்பது சரி. கிரிக்கெட்டில் சமன் என்பது டை மட்டுமே. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்டில், மனிந்தர் சிங் கடைசி விக்கெட்டாக ஆட்டமிழந்தபோது இரு அணிகளின் மொத்த ரன்களும் ஒன்றாக இருந்தன. அது சமன். மான்செஸ்டரில் நடந்தது சமன் அல்ல. அங்கே ஆட்டம் முடியவே இல்லை. இன்றைய கணக்கில் முன்னதற்கு 6 புள்ளி, பின்னதற்கு 4. டிராவுக்கு "வெற்றி தோல்வியின்றி முடிந்தது" என்று நாளிதழ்கள் நெடுங்காலமாக எழுதிவந்தன. நீளம்தான், ஆனால் பிழையில்லை. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் அதை இன்றும் காணலாம். தலைப்பில் இடம் போதாவிட்டால் டிரா என்றே எழுதுங்கள்.

ரத்தும் கைவிடலும்கூட ஒன்றல்ல. தொடங்கியபின் மழையால் நின்றுபோன டெஸ்ட் டிராதான். அதன் 12 புள்ளிகளும் வகுக்கும் எண்ணில் சேரும். நடக்காமலே ரத்தான தொடர் அந்த எண்ணில் சேராது. 2020-இல் கொரோனாவால் பல தொடர்கள் நடக்காமல் போனபோது, வெறும் மொத்தப் புள்ளியை விட்டுவிட்டு ஐசிசி விழுக்காட்டுக்கு மாறியது இதற்காகத்தான். ஒரு தொடருக்கு 120 புள்ளிகள் என்றிருந்த காலம் அது. அந்த மாற்றத்தின்படி இந்தியா 720-க்கு 520 பெற்று 72.2, நியூசிலாந்து 600-க்கு 420 பெற்று 70 என்று 2021 இறுதிப் போட்டிக்குப் போயின. ஆஸ்திரேலியா 480-க்கு 332, அதாவது 69.2. மெல்போர்னில் மெதுவாகப் பந்து வீசியதற்காகக் கழிக்கப்பட்ட 4 புள்ளிகள் கையில் இருந்திருந்தால் அதுவும் 336, சரியாக 70 விழுக்காடு.