இடைநீக்கம் முடிந்து திரும்பும் மாணவன்: பள்ளியின் கடமையும் பாதிக்கப்பட்ட பிள்ளையின் பாதுகாப்பும்

சக மாணவனைத் தொடர்ந்து மிரட்டியும் அடித்தும் வந்ததற்காக ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பள்ளி ஐந்து நாள் இடைநீக்கம் செய்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் நாள் காலை அவன் திரும்பி வரும்போது பள்ளி என்ன செய்திருக்க வேண்டும் என்பதே இந்த விளக்கத்தின் பொருள்.

அடிபட்ட பிள்ளையின் பெற்றோர் முதலில் கேட்பது, "அவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுங்கள்" என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் 2009ஆம் ஆண்டின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பை முடிக்கும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. 2019இல் வந்த திருத்தம் தேர்ச்சி பெறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்திவைப்பது பற்றியதே. வெளியேற்றத்துக்கான தடை அப்படியே நீடிக்கிறது. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, தனியார் பள்ளி மூன்றுக்கும் இது பொருந்தும். 2014ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் விலக்களித்தது. பெற்றோரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்களே விரும்பி டி.சி. கேட்பதாக எழுதி வாங்கிக்கொள்வதும் பெயர் மாற்றிய வெளியேற்றமே. ஒன்பதாம் வகுப்பிலிருந்து இந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே எட்டாம் வகுப்பு வரை, அவன் வருவானா என்பது பள்ளியின் கையில் இல்லை; எப்படி வருவான் என்பது மட்டுமே அதன் கையில் இருக்கிறது.

அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவனை முன்னால் நிறுத்தி, செய்ததை எல்லோர் முன்பும் சொல்லவைப்பது இந்தத் தடைக்குள் வந்துவிடும். அதோடு அடிபட்டவன் யார் என்பதும் பள்ளி முழுவதற்கும் தெரிந்துபோகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

நமது எடுத்துக்காட்டில் இரு பிள்ளைகளும் பள்ளத்தூரில் ஒரே தெருவில் வசிப்பவர்கள். கோட்டையூர் வழியாகக் காரைக்குடி செல்லும் ஒரே பேருந்தில் பள்ளிக்கு வருபவர்கள். இந்தப் பக்கத்து ஊர்களில் இது அரிதல்ல. இரு வீட்டாரும் கோயில் காரியங்களில் ஒன்றாக நிற்பவர்களாக இருப்பார்கள் என்பதால், இடைநீக்கம் முடிவதற்குள்ளேயே ஊர்ப் பெரியவர் ஒருவர் திண்ணையில் பேசி முடித்துவிடுகிறார். "பிள்ளைகள் சண்டைதானே, கையைக் கொடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்று தலைமையாசிரியருக்கும் சொல்லி அனுப்புகிறார். பள்ளிகள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். சண்டையில் இருவரும் ஏறக்குறையச் சமபலத்தில் மோதுகிறார்கள். துன்புறுத்தலில் ஒருவனே மற்றவனைத் திரும்பத் திரும்ப ஒடுக்குகிறான். சமமானவர்களுக்கான சமாதானத்தை இங்கே நடத்தினால், அடிபட்டவன் தன்னை மிரட்டியவனுக்கு முன்னால் "பரவாயில்லை" என்று சொல்ல வேண்டியதாகிறது. அப்படிச் சொல்லவைப்பதும் ஒரு மிரட்டலே.

ஆகவே திரும்பும் நாளுக்கு முன்பே தலைமையாசிரியர் இரு குடும்பங்களையும் வெவ்வேறு நேரத்தில் சந்திக்க வேண்டும். பாதிக்கப்பட்டவனின் வீட்டாரை முதலில் சந்திப்பது நல்லது. இடைநீக்கம் செய்யப்பட்டவன் எந்த நாள் திரும்பி வருகிறான் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பிள்ளையிடம் "பயமாக இருக்கிறதா" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். பள்ளியின் வரைபடத்தை ஒரு தாளில் கோடிட்டுக் கொடுத்து, போகப் பிடிக்காத இடங்களைக் குறிக்கச் சொன்னால் விவரம் கிடைக்கும். நமது எடுத்துக்காட்டில் அவன் குறித்தவை மூன்று: கழிப்பறைக்குச் செல்லும் சந்து, தண்ணீர்க் குழாய், மாலை நான்கரை மணிக்குப் பேருந்து நிற்கும் இடம். மூன்றுமே ஆசிரியர் கண்ணில் படாத இடங்கள்.

அந்த மூன்றையும் வைத்து ஒரு பக்க அளவில் ஏற்பாடு எழுதப்படுகிறது. எதையாவது மாற்ற வேண்டுமென்றால் மாற வேண்டியவன் திரும்பி வருபவன்தான் என்பது இதன் அடிப்படை விதி. பிரிவு மாற்றம் தேவையெனில் ஏழு 'அ'விலிருந்து ஏழு 'ஆ'வுக்குச் செல்பவன் அவனே. ஒரே பிரிவுதான் உள்ளது என்றால் இடம் மாறி முன்வரிசையில் உட்காருபவனும் அவனே. பாதிக்கப்பட்ட பிள்ளையைப் "பாதுகாப்புக்காக" வேறு பிரிவில் போட்டால், அவன் தன் நண்பர்களையும் இழந்து, தண்டனை தனக்குத்தான் என்று புரிந்துகொள்கிறான். இடைவேளைகளில் சந்தின் முனையில் ஒரு ஆசிரியர் நிற்கிறார்; திரும்பி வந்தவன் மாலையில் பத்து நிமிடம் பொறுத்து அடுத்த பேருந்தில் செல்கிறான். அடுத்த பேருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்றால் இந்த ஏற்பாடு நடக்காது. அப்போது அவனை அழைத்துச் செல்லும் பொறுப்பை அவன் வீட்டார் எழுத்தில் ஏற்க வேண்டும்.

திரும்பி வருபவனுடனான சந்திப்பு விசாரணையின் தொடர்ச்சியாக அமைந்துவிடக் கூடாது. ஐந்து நாளில் விட்டுப்போன பாடங்களை யார் சொல்லித்தருவார் என்பதும், என்ன செய்யக் கூடாது என்பதும் அவனுக்குத் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். செய்யக் கூடாதவற்றில் நண்பர்கள் மூலம் சொல்லி அனுப்புவதும் வாட்ஸ்அப் குழுவில் பெயர் குறிப்பிடாமல் கிண்டல் செய்வதும் அடங்கும். பழிவாங்கல் பெரும்பாலும் இந்த வழிகளில்தான் வருகிறது. அடி நின்றுவிட்டதால் பிரச்சினை தீர்ந்தது என்று பள்ளி நினைத்துக்கொள்கிறது. மன்னிப்புக் கடிதம் எழுத அவன் முன்வந்தால், அதை ஆசிரியர் வாங்கி வைத்துக்கொள்ளலாம். படிப்பதா வேண்டாமா என்பதை மற்றவன் முடிவுசெய்யட்டும்.

ஏற்பாட்டில் ஒரு ஆசிரியரின் பெயர் இருக்க வேண்டும். "எந்த ஆசிரியரிடமும் சொல்லலாம்" என்றால் பிள்ளை யாரிடமும் சொல்லாது. அந்த ஆசிரியர் முதல் வாரம் நாள்தோறும், பிறகு ஆறு வாரம் வரை வாரம் ஒருமுறை, மற்ற பிள்ளைகள் கவனிக்காத வகையில் இரண்டு நிமிடம் பேசுகிறார்; நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி அழைப்பது ஒரு வழி. பிள்ளை வாய் திறக்காவிட்டாலும் சில அடையாளங்கள் தெரியும். தண்ணீர்ப் பாட்டில் மாலையில் நிறைந்தபடியே வீட்டுக்கு வந்தால், கழிப்பறைக்குப் போக நேரிடும் என்று பயந்து அவன் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்திருக்கக்கூடும். குறிப்பிட்ட ஒரு கிழமையில் மட்டும் வயிற்றுவலி வருகிறதென்றால், அன்றைய பாடவேளைகளில் எதை ஆசிரியர் மேற்பார்வை இல்லாமல் விட்டிருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். பல பள்ளிகளில் அது விளையாட்டு வகுப்பாக இருக்கும். வருகைப் பதிவேட்டையும் வீட்டில் அம்மாவோ அப்பத்தாவோ கவனித்துச் சொல்வதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

மீண்டும் நடந்தால், தேதி, இடம், பார்த்தவர் விவரத்துடன் பெற்றோர் எழுத்துமூலம் தலைமையாசிரியரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர் என்பதால், கண்காணிப்பு சரியாக நடக்கிறதா என்பதைப் பிள்ளைகளின் பெயர் சொல்லாமல் அங்கே கேட்கலாம். அதிலும் பலனில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் முறையிடலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் தரப்படும் புகாருக்கு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லப்பட வேண்டும். அது திருப்தியளிக்காவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். பிள்ளையே பேச விரும்பினால் குழந்தைகள் உதவி எண் 1098, தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 ஆகியவை உள்ளன. நடந்தது பாலியல் தொல்லையாக இருந்தால் மேற்சொன்ன எந்த ஏற்பாடும் அதற்குப் போதாது; போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது பள்ளியின் கட்டாயக் கடமை.

ஆறாம் வாரத்தின் முடிவில், ஏற்பாட்டைத் தளர்த்தலாமா என்று பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் தனியாகக் கேட்கப்படுகிறது. நமது எடுத்துக்காட்டில் சந்தின் முனையில் ஆசிரியர் நிற்பதை நிறுத்திவிடலாம் என்று அவன் சொல்கிறான். பேருந்து மட்டும் இப்படியே இருக்கட்டும் என்கிறான். பேருந்து ஏற்பாடு ஆண்டுத் தேர்வு வரை நீட்டிக்கப்படுகிறது.