கூரையில் சோலார் போடச் சொல்லி ஆள் வந்தால், கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தாமானில் ஒரு பாட்டி வீட்டுக்குச் சோலார் விற்க ஓர் இளைஞர் வந்தார். கூரையில் தகடு போட்டால் பில்லே வராது என்றார். மாதாமாதம் தவணை கட்டினால் போதும், விண்ணப்பப் பாரம் எல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். பாட்டியின் மின்சார பில்லை வாங்கிப் பார்த்தேன். மாதம் சுமார் 200 யூனிட், 40 ரிங்கிட்டுக்கும் குறைவு. தவணையோ அதைப் போல ஐந்து மடங்கு. அவர் நீட்டிய ஒப்பந்தத் தாளைக் கிழித்துப் போடும் வரை எனக்கு மனம் ஆறவில்லை.

கட்டண விவரம் தெரியாததால்தான் இப்படி ஏமாற்ற முடிகிறது. 2025 ஜூலை 1 முதல் தீபகற்பத்தில் புதிய கட்டணம். மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு ஒரு யூனிட் 44.43 சென். ஆனால் குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்குத் தள்ளுபடி உண்டு. 200 யூனிட் வரை என்றால் யூனிட்டுக்கு 25 சென் கழித்துவிடுவார்கள். அதாவது பாட்டி கொடுப்பது யூனிட்டுக்கு 20 சென் கூட இல்லை. அவ்வளவு மலிவான மின்சாரத்தை மிச்சப்படுத்த 15,000 ரிங்கிட் செலவு செய்தால் அவர் காலத்தில் அது திரும்பி வராது.

அடுத்து திட்டம். கூரைத் தகட்டிலிருந்து மிஞ்சும் மின்சாரத்தை டிஎன்பி வாங்கிக்கொள்ளும் பழைய நெம் திட்டத்தில், வீட்டுக்காரர் கொடுக்கும் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் கழித்தார்கள். அதில் புதிதாகச் சேருவது 2025 ஜூன் 30 உடன் முடிந்துவிட்டது. 2026 ஜனவரி முதல் நடப்பது சோலார் அதாப். இதில் மிஞ்சிய யூனிட்டுக்கு முழு விலை கிடையாது. வீடு என்றால் யூனிட் விலையில் ஒரு பகுதியான எரிசக்திக் கட்டணம் மட்டும்தான், கடை, பட்டறை என்றால் மின்சாரத்தின் மொத்த விற்பனைச் சந்தை விலைதான். அந்த மாதப் பில்லில் கழியாமல் நின்ற கிரெடிட் அடுத்த மாதத்துக்கும் வராது. இன்னமும் பழைய திட்டத்தின் கணக்கைக் காட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ‘ஒன்றுக்கு ஒன்று’ என்று யாராவது சொன்னால் அவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

ஆகவே இப்போது லாபம், வெயில் அடிக்கும்போதே நீங்கள் செலவழிக்கும் யூனிட்டில்தான் இருக்கிறது. பகலில் எல்லாரும் வேலைக்குப் போய்ப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இது பொருந்தாது. பகல் முழுக்க மெஷின் ஓடும் பட்டறைக்குப் பொருந்தும்.

டவுனில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவரின் கணக்கைச் சொல்கிறேன். ஆறு தொழிற்சாலை மெஷின்கள், இரண்டு இஸ்திரி, ஓர் ஏர்கான். மாதம் 900 யூனிட். வணிகக் கணக்கில் யூனிட்டுக்கு எல்லாம் சேர்த்து சுமார் 50 சென், அதோடு மாதம் 20 ரிங்கிட் நிலைக் கட்டணம். ஏறத்தாழ 475 ரிங்கிட் பில். 5 கிலோவாட் போடச் சொல்லி 20,000 ரிங்கிட்டுக்கு விலைத்தாள் வந்திருந்தது.

முதலில் மெஷின்களைப் பார்க்கச் சொன்னேன். அவை பழைய கிளட்ச் மோட்டார் வகை. சுவிட்சைப் போட்டதும் தைத்தாலும் தைக்காவிட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். காதில் கேட்கும் அந்த இடைவிடாத ‘ம்ம்ம்’ சத்தமே அடையாளம். பிளக்கில் செருகும் அளவுக் கருவியை வைத்துப் பார்த்தபோது ஒரு மெஷின் சராசரியாக 250 வாட் இழுத்தது. ஆறு மெஷின், எட்டு மணி நேரம், 26 நாள்: மாதம் 312 யூனிட். செர்வோ மோட்டாருக்கு மாற்றினால் பெடலை மிதிக்கும்போது மட்டும் மின்சாரம் இழுக்கும். அறுபது சதவீதம் குறைந்தால் 190 யூனிட், அதாவது மாதம் 95 ரிங்கிட் மிச்சம். ஆறு மோட்டாருக்கும் பொருத்தக் கூலிக்கும் 1,800 ரிங்கிட் கொடுத்தாலும் ஒன்றரை வருடம் சொச்சத்தில் முதல் திரும்பிவிடும். இதற்கு எந்த அலுவலகத்திலும் நம்பர் எடுத்துக் காத்திருக்க வேண்டாம்.

அதன் பிறகுதான் சோலார். கடையின் பயன்பாடு 710 யூனிட்டுக்கு வந்த பின், பகலில் சராசரியாக இழுப்பது 2.7 கிலோவாட். 5 கிலோவாட் தகடு நல்ல நடுப்பகலில் 4 கிலோவாட் வரை தள்ளும். மிஞ்சுவது எல்லாம் சந்தை விலைக்குப் போகும். 3 கிலோவாட் போதும். நம் நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு மாதம் சுமார் 100 யூனிட், ஆக 300. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருப்பதைக் கழித்தால் 250 யூனிட் கடையிலேயே செலவாகும், அதாவது 125 ரிங்கிட். 13,500 ரிங்கிட்டுக்கு வாங்கினால் முதல் எடுக்க ஒன்பது வருடம். தகடு அதற்கு மேலும் உழைக்கும், ஆனால் இடையில் இன்வர்ட்டரை மாற்ற வேண்டி வரலாம். அக்கா இதைக் கேட்டுவிட்டு மோட்டார்களை மட்டும் மாற்றினார். சரியான முடிவு.

போட்டே தீர வேண்டும் என்பவர்கள் அலுவலகம் அலுவலகமாக அலையாமல் இருக்க, முதலில் பில்லில் உள்ள பெயரைப் பாருங்கள். நம் ஊர்களில் பாதிப் பேர் மறைந்துபோன அப்பாவின் பெயரிலேயே இன்னமும் பில் கட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இந்த ஒரு காரணத்துக்காக மூன்று கவுன்டர் ஏறினார். முதல் கவுன்டர் கணக்கின் பெயரை மாற்றச் சொன்னது. அங்கே போனால் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். பத்திரமும் அப்பா பெயரில் இருக்கவே, நில அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். இதை முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் மூன்று நாள் சம்பளம் போயிருக்காது. எனவே சோலார் பொருத்தும் குத்தகைக்காரரிடம் பேசுவதற்கு முன்பே கணக்கின் பெயர் மாற்றத்தை முடியுங்கள். புதிதாக முன்பணம் கட்டச் சொல்வார்கள், அதையும் எடுத்து வையுங்கள்.

தோட்டத்து லயன் வீட்டில் இருப்பவர்கள் இதில் இறங்கவே வேண்டாம். வீடும் கூரையும் கம்பெனியுடையவை. வாடகைக் கடை என்றால் கட்டடக்காரரின் எழுத்துச் சம்மதத்தை வாங்கிய பிறகுதான் முன்பணம் கொடுக்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பி இரண்டு வருடத்தில் கடையைக் காலி செய்ய நேர்ந்தால் தகடு அவர் கூரையில் நிற்கும்.

விண்ணப்பத்தை உங்களுக்காகப் போடுபவர், நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையமான சேடாவில் பதிவு பெற்ற சோலார் சேவையாளராக இருக்க வேண்டும். ‘எங்கள் கூட்டாளி பதிவு பெற்றவர்’ என்ற பேச்சை ஏற்காதீர்கள். விலைத்தாளில் உள்ள அதே கம்பெனிப் பெயரை சேடாவின் பதிவுப் பட்டியலில் தேடிப் பாருங்கள். ஒரு முனை இணைப்புள்ள வீட்டுக்கு 5 கிலோவாட்தான் எல்லை. அதற்கு மேல் விற்கப் பார்த்தால் மும்முனை இணைப்புக்கு யார் செலவு செய்வது என்று எழுத்தில் கேளுங்கள்.

தகடு ஏறியதும் ஆசைப்பட்டு சுவிட்சைப் போடாதீர்கள். போவதையும் வருவதையும் தனித்தனியாக அளக்கும் மீட்டர் முதலில் மாற வேண்டும். பழைய மீட்டர் சில, நீங்கள் வெளியே தள்ளும் யூனிட்டையும் நீங்கள் வாங்கியதாகவே எண்ணிவிடும், பில் ஏறும். மீட்டர் மாற்றத் தாமதமானால் குத்தகைக்காரரை விரட்டுங்கள். கடைசித் தவணைப் பணத்தை மீட்டர் மாறும் வரை கையில் வைத்திருப்பதே நல்ல பிடி, இதை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

அப்புறம், கரண்ட் போனால் சோலார் ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லைனில் வேலை செய்யும் ஆளுக்கு ஷாக் அடிக்காமல் இருக்க, டிஎன்பி லைன் செத்தவுடனே இன்வர்ட்டரும் தானாக நின்றுவிடும். இருட்டிலும் மெஷின் ஓட வேண்டுமானால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வர்ட்டரும் தனியாக வேண்டும், அந்த விலை மேலே சொன்ன கணக்கில் இல்லை.