27 வயதில் 210/130: டென்ஷன் மேல் பழியைப் போடாதீர்கள்

முப்பது வயதுகூட ஆகாதவருக்கு பிரஷர் 200-ஐத் தாண்டி நிற்கும். கூட வந்தவர்கள் முந்திக்கொண்டு காரணம் சொல்வார்கள்: "ஐ.டி. வேலை சார், ஒரே டென்ஷன்." வேலை இல்லாதவர் என்றால், "வேலை கிடைக்கலன்னு டென்ஷன்." புதிதாகக் கல்யாணம் ஆனவர் என்றால் அதற்கும் ஒரு டென்ஷன். சொந்தக்காரர்கள் சொன்னால் பரவாயில்லை. பழைய சீட்டில் டாக்டரே அப்படி எழுதி, கூடவே தூக்க மாத்திரையும் கொடுத்திருப்பதைப் பார்க்கும்போதுதான் எரிச்சல் வருகிறது.

கோபம், பயம், வலி எல்லாம் பிரஷரை ஏற்றும், மறுக்கவில்லை. டாக்டர் அறைக்குள் நுழைந்தாலே சிலருக்கு 20, 30 கூடிவிடும். ஆனால் அது ஏறி இறங்கும் பிரஷர். நிம்மதியாகத் தூங்கும்போது டென்ஷன் ஏது? அப்போது இறங்கியாக வேண்டும். 24 மணி நேர மானிட்டரைக் கட்டி அனுப்பினால் இந்த இளைஞர்களில் பலருக்கு இரவு இரண்டு மணிக்கும் 180 காட்டுகிறது. எக்கோவில் இதயச் சுவர் தடித்திருக்கிறது. நேற்று மேனேஜர் திட்டியதால் இதயச் சுவர் தடிக்காது. அதற்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அழுத்தம் இருந்திருக்க வேண்டும். இந்த வயதில் இவ்வளவு ஏறியிருந்தால் முதலில் சிறுநீரகத்தையும் அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியையும் சந்தேகப்பட வேண்டும். மனசை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சமீபத்தில் வந்தவர் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுபவர், வயது 27. ஒரு வருடமாகத் தலைவலி. அம்லோடிபின், டெல்மிசார்டன், ஹைட்ரோகுளோரோதையசைடு என்று மூன்று மாத்திரை, மூன்றும் முழு அளவில். ஒழுங்காகப் போட்டும் 210/130. மாத்திரையை விழுங்குவதே இல்லை என்று வீட்டில் அவரைத்தான் திட்டியிருக்கிறார்கள். கேட்கக் கேட்கத்தான் மற்றவை வெளியே வந்தன. ராத்திரி மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார், கெண்டைக்கால் பிடித்து இழுத்திருக்கிறது. ஒருநாள் காலையில் படுக்கையிலிருந்து எழவே முடியாமல் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அன்றைய ரத்தச் சோதனைத் தாள் அவர் ஃபைலிலேயே இருந்தது: பொட்டாசியம் 2.4. இருக்க வேண்டியது குறைந்தது 3.5. டிரிப் ஏற்றி, சிரப் எழுதி, இளநீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிரஷருக்கு ஒரு டாக்டர், கால் பலவீனத்துக்கு இன்னொரு டாக்டர். இரண்டு சீட்டையும் யாரும் சேர்த்துப் படிக்கவில்லை.

ஹைட்ரோகுளோரோதையசைடும் பொட்டாசியத்தைக் குறைக்கும், அதனால்தான் என்று அன்று முடிவு கட்டியிருக்கலாம். ஆனால் கூடவே போட்ட டெல்மிசார்டன் பொட்டாசியத்தை ஏற்றும் மாத்திரை. அதையும் மீறி 2.4 என்றால், சிறுநீர் வழியாகப் பொட்டாசியத்தை வேறு ஏதோ வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். இந்த இடத்தில் நினைவுக்கு வர வேண்டியது ஆல்டோஸ்டிரோன். அட்ரினல் சுரக்கும் இந்த ஹார்மோன் உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே விடும். அளவுக்கு மீறிச் சுரந்தால் வரும் நோயை ஜெரோம் கான் என்ற அமெரிக்க மருத்துவர் 1955-லேயே விவரித்துவிட்டார். புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை.

சோதனையும் பெரிய வித்தை இல்லை: ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோனையும், அதைச் சுரக்கத் தூண்டும் ரெனினையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். ஆனால் கண்டபடி எடுத்தால் ஏமாற்றும். பொட்டாசியம் குறைந்திருக்கும்போது எடுத்தால் ஆல்டோஸ்டிரோன் பொய்யாகக் குறைந்து தெரியும். முதலில் பொட்டாசியத்தை 4-க்குக் கொண்டுவர வேண்டும். உப்பை அடியோடு குறைத்துவிட்டு வரக் கூடாது. காலையில் எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடிவிட்டு, கொஞ்சம் உட்கார்ந்தபின் ரத்தம் கொடுக்க வேண்டும். ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை போடுபவர்கள் வழக்கமாக நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். அதை டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றிவிட்டுத்தான் நிறுத்துவார். இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிட்டு என் முன்னால் வந்து நிற்காதீர்கள்.

இவருக்கு ஆல்டோஸ்டிரோன் 42, மிக அதிகம். ரெனின் 0.2, மிகக் குறைவு. டெல்மிசார்டன் ரெனினை ஏற்றும். அதைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ரெனின் இப்படித் தரையில் கிடந்தால், அட்ரினல் தானாகவே சுரக்கிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. அதற்குப் பிறகுதான் சி.டி. ஸ்கேன், இடது அட்ரினலில் ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி. இந்த வரிசை முக்கியம். அட்ரினலில் சும்மா கிடக்கும் கட்டிகள் ஏராளம். ரத்தச் சோதனைக்கு முன்பே ஸ்கேன் எடுத்துக் கட்டியைப் பார்த்தவர்கள், பிறகு கத்தியைத்தான் நினைப்பார்கள். வயது கூடியவர்களுக்கு எந்தப் பக்கச் சுரப்பி தப்புச் செய்கிறது என்று இரு பக்க அட்ரினல் சிரையிலிருந்தும் ரத்தம் எடுத்து ஒப்பிட வேண்டும். 35-க்குக் கீழ், பொட்டாசியமும் குறைந்து, ஒரு பக்கம் மட்டும் தெளிவான கட்டி இருந்தால் அதைத் தவிர்க்கலாம். இவருக்கு லேப்ராஸ்கோப்பியில் எடுத்தார்கள். இப்போது பொட்டாசியம் சிரப் கிடையாது, மூன்று மாத்திரை ஒன்றாகிவிட்டது. எல்லோருக்கும் மாத்திரை முழுதாக நின்றுவிடும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு அதிகம். இரண்டு பக்கமும் சுரக்கிறது என்றால் ஆபரேஷன் பயன்படாது, ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைதான்.

பொட்டாசியம் நார்மலாக இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் வேண்டாம். இந்த நோய் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது நார்மலாகத்தான் இருக்கும். எண்டோகிரைன் சொசைட்டி 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பிரஷர் உள்ள எல்லோருக்குமே இந்தச் சோதனையைச் செய்யலாம் என்கிறது. எல்லோருக்கும் முடியாது என்றால், இளவயதினருக்காவது செய்யுங்கள்.

சிறுநீரகத்தைப் பற்றிச் சுருக்கமாக. சிறுநீரில் புரதமும் ரத்தமும் பார்க்கும் சாதாரணச் சோதனை, கிரியாட்டினின், வயிற்று ஸ்கேன்: இவை இல்லாமல் ஓர் இளைஞருக்கு வாழ்நாள் மாத்திரை எழுதுவது அநியாயம். நுரை நுரையாகச் சிறுநீர் போவதை "சூடு" என்று சொல்லித் தள்ளிப்போடாதீர்கள். இளம்பெண்களுக்கு இரண்டு கையிலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கையில் நாடி சரியாகத் தட்டுப்படவில்லை, இரண்டு கைக்கும் பெரிய வித்தியாசம் என்றால், டக்கயாசு எனும் ரத்தக்குழாய் அழற்சி சிறுநீரகத் தமனியையும் சுருக்கியிருக்கலாம். நம் நாட்டில் இது அபூர்வம் இல்லை. டெல்மிசார்டன் வகை மாத்திரை ஆரம்பித்த ஓரிரு வாரத்தில் கிரியாட்டினின் சட்டென்று ஏறினாலும் இதே சந்தேகம் வர வேண்டும்.

சளிக்கு அதிமதுரக் கஷாயத்தை மாதக்கணக்கில் குடிப்பவர்கள் அதைச் சொல்லாமல் விடாதீர்கள். அளவு மீறினால் அதுவும் பிரஷரை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும். ஆல்டோஸ்டிரோன் பார்த்தால் குறைவாக இருக்கும். வலி மாத்திரை, ஜிம்மில் போடும் ஊசி, யாரோ கொடுத்த ஸ்டீராய்டு எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும்.

180/120-க்கு மேல் காட்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், பேச்சுக் குழறல், வலிப்பு இதில் ஏதாவது ஒன்று இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். எதுவும் இல்லை என்றால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள், அப்படியே நின்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மருந்துக்கடையில் நிஃபெடிபின் வாங்கி நாக்குக்கு அடியில் வைத்து ஒரேயடியாக இறக்கும் வேலை மட்டும் தயவுசெய்து வேண்டாம். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து பக்கவாதமே வந்துவிடலாம். டாக்டரிடம் போகும்போது காலி அட்டைகளையும், தொலைத்துவிட்டதாக நினைக்கும் அந்தப் பழைய பொட்டாசியம் ரிப்போர்ட்டையும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.