சித்திரைக் கரிசலும் கோன் டெஸ்டும்: முனையையும் ஸ்லீவையும் சேர்த்துப் படிப்பது

சித்திரையில் நொய்யல் பாசனப் பகுதியின் கரிசல் நிலத்தில், மண்ணின் வலிமையை அறியும் கோன் கருவியை இறக்கினால், மேல் ஒன்றரை மீட்டர் நல்ல கெட்டி மண் போலவே காட்டும். அந்த எண்ணை அப்படியே நம்பி அஸ்திவார ஆழத்தை முடிவு செய்துவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

கருவி எளிமையானதுதான். 60 டிகிரி கூர்முனை, 35.7 மில்லிமீட்டர் விட்டம், 10 சதுர சென்டிமீட்டர் அடிப்பரப்பு. முனைக்கு மேலே 150 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள உருளை, அதுதான் ஸ்லீவ். ராடுகளைக் கோத்து, நொடிக்கு 2 சென்டிமீட்டர் என்ற ஒரே வேகத்தில் அழுத்தி இறக்குவார்கள். அடிக்க மாட்டார்கள். திரையில் இரண்டு எண்கள் வரும்: முனை எதிர்ப்பு qc, ஸ்லீவ் உராய்வு fs. இரண்டையும் வகுத்தால் உராய்வு விகிதம்.

```
Rf = (fs / qc) × 100
```

மணல் முனையைத் தடுக்கும், ஆனால் பக்கவாட்டில் ஒட்டாது. அதனால் qc பெரிது, Rf பெரும்பாலும் 1 சதவீதத்துக்குள். களிமண்ணில் முனை சுலபமாக இறங்கும், ஸ்லீவைப் பிடித்துக்கொள்ளும். Rf 3 சதவீதத்துக்கு மேல் போகும். இது மண்ணின் நடத்தையைத்தான் சொல்கிறது, துகள் அளவை அல்ல. மாதிரி எதுவும் கையில் வராது என்பதால் பக்கத்தில் ஒரு போர்ஹோலாவது வேண்டும்.

ஒரு குளத்தங்கரை மனைக்கு விளக்கத்துக்காக அமைத்த இந்த எண்களைப் பாருங்கள். 0 முதல் 1.8 மீட்டர் வரை qc 2.5 மெகாபாஸ்கல், fs 125 கிலோபாஸ்கல், Rf 5 சதவீதம். 1.8 முதல் 3.5 வரை qc 0.6, fs 24, Rf 4. 3.5 முதல் 4.6 வரை qc 8, fs 40, Rf 0.5. அதன்கீழ் 6 மீட்டர் வரை qc 0.6, fs 18, Rf 3. பிறகு qc 25-ஐத் தாண்டி எகிற, மொரம்பில் கோன் நின்றுவிடுகிறது.

முதல் அடுக்கில் qc-ஐ மட்டும் பார்ப்பவர் சுமாரான மணல் என்பார். Rf 5 என்றதும் களி என்று தெரிந்துவிடும். இரண்டாவது அடுக்கும் அதே கரிசல்தான். மேலே உள்ளது வெயிலில் காய்ந்து இறுகிய பகுதி, அவ்வளவே. ஐப்பசி மழையில் நனைந்தால் அந்த 2.5 எவ்வளவு இறங்கும் என்பதை இந்த ஒரு டெஸ்ட் சொல்லாது. உப்புவதைப் பற்றியும் சொல்லாது. அதற்கு மாதிரி எடுத்து, மண் நீரில் எவ்வளவு உப்புகிறது என்று அளக்கும் ஃப்ரீ ஸ்வெல் டெஸ்ட் பார்க்க வேண்டும். கணக்கில் ஈர மண்ணின் வலிமையைப் போடுவதே சரி.

அடுத்து 4.6 மீட்டர் எல்லை. ஸ்லீவின் நடு, முனையிலிருந்து ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. முனை களிக்குள் நுழைந்த பிறகும் ஸ்லீவ் மணலில்தான் நிற்கும். ஒரே நேரத்தில் வந்த இரண்டு எண்களை அப்படியே வகுத்தால் 40 கிலோபாஸ்கலை 600-ஆல் வகுத்து Rf 6.7 என்று வரும். உடனே "குளத்து வண்டல், மக்கிய மண்" என்று அறிக்கையில் ஏறிவிடும். அப்படி ஒரு அடுக்கே அங்கே இல்லை. fs-ஐ 10 சென்டிமீட்டர் நகர்த்தி, ஒரே ஆழத்து எண்களாக்கிய பிறகே வகுக்க வேண்டும். அப்போதும் எல்லை கத்தி வெட்டியதுபோல் வராது. கீழே வரும் மென்மண்ணை முனை முன்கூட்டியே உணர்ந்து, மணலில் இருக்கும்போதே qc சரியத் தொடங்கும்.

கரிசலில் இன்னொரு தொல்லை சுக்கான்கல். 2.7 மீட்டரில் qc திடீரென 6-க்குத் தாவி, நாலைந்து சென்டிமீட்டரில் மறுபடி 0.6-க்கு விழுகிறது, ராடு 'டக்'கென்று ஒரு சத்தம் போடுகிறது என்றால், முனையில் மாட்டி விலகிய கல்லாக இருக்கும். மெல்லிய மணல் அடுக்கென்று வரைந்துவிடக் கூடாது. ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி இன்னொரு முறை இறக்குங்கள். மணலென்றால் அங்கும் அதே ஆழத்தை ஒட்டி வரும். கல்லென்றால் பெரும்பாலும் வராது.

எண்ணே தவறாக வருவதும் உண்டு, அதில் ஸ்லீவ்தான் முதலில் கெடும். வெயிலில் கிடந்து சூடேறிய கோனை அப்படியே இறக்கினால், குளிர்ந்த மண்ணில் அதன் ஜீரோ, அதாவது சுமையில்லாதபோது காட்டும் எண், நகர்ந்துவிடும். 5 கிலோபாஸ்கல் நகர்வு qc-க்கு ஒரு பொருட்டே இல்லை. fs 18 உள்ள களியில் அதுவே கால் பங்குக்கு மேல், Rf 3 என்பது 2.2 ஆகிவிடும், களி வண்டலாகிவிடும். கோனைக் கொஞ்ச நேரம் வாளித் தண்ணீரில் போட்டு வைத்து ஜீரோ எடுங்கள். வெளியே எடுத்ததும் துடைத்து மறுபடி எடுங்கள். ஸ்லீவின் இரு முனை இடுக்கிலும் களி இறுகியிருந்தால் கழற்றிக் கழுவாமல் அடுத்த குழிக்குப் போகாதீர்கள். அறிக்கை வாங்குபவர் முன்-பின் ஜீரோ இரண்டையும் கேட்டு வாங்கலாம்.

மொரம்பில் கோன் நின்றதை "பாறை கிடைத்தது" என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். ஒரு உருண்டைக்கல்லிலும் கோன் நிற்கும்; ராடு சாய்ந்திருந்தாலும், இயந்திரத்தை நிலத்தோடு பிடித்திருக்கும் நங்கூரம் தூக்கிக்கொண்டாலும் நிற்கும். அங்கிருந்து கீழே துளையிட்டு கோர் மாதிரி எடுப்பதற்குத்தான் வேலை.