கேட்டுக் கேட்டுத் தீராத பழைய கதை

"எதையும் மறைக்காமல் சொல்லிவிடு, அவருடைய மனம் ஆறிவிடும்." பழைய காதலைப் பற்றித் துணை துருவித் துருவிக் கேட்கும்போது இந்த ஆலோசனையைத் தோழியும் சொல்கிறாள், அக்காவும் சொல்கிறாள், சில வேளை மாமியாரும் சொல்கிறார். அதைக் கேட்டு நடந்த ஒரு தம்பதி போன வாரம் வெள்ளவத்தையில் என் முன்னால் வந்து அமர்ந்தார்கள். இருவருக்கும் நித்திரையில்லாத கண்கள். உளவளத்துணைக்கு வருகிறவர்களிடம் இதே கதையை இத்தனை தரம் கேட்டபின் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன். தயவுசெய்து இந்த ஆலோசனையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியே சொல்கிறேன். கலியாணம் முடிந்து ஒன்றரை வருடம். மனைவிக்குக் கம்பஸ் காலத்தில் ஒரு காதல் இருந்து முறிந்தது. கலியாணம் பேசும்போதே அதைச் சொல்லிவிட்டார், கணவரும் "அது முடிஞ்ச கதை" என்று ஏற்றுக்கொண்டார். ஒரு நாள் பேஸ்புக்கில் பழைய வகுப்புப் படமொன்று வந்தது. அதில் அந்தப் பெடியனும் நின்றான். அன்று இரவு கணவர் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "எங்க போறனீங்கள்?" கல்கிசைக் கடற்கரைக்குச் சில தரம் ரயிலில் போனதாக மனைவி சொன்னார்.

பிறகு ஒவ்வொரு இரவும் கேள்விதான். யார் முதலில் கையைப் பிடித்தது, என்ன நிற உடுப்பு, எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள். பத்து மணிக்குத் தொடங்கினால் இரண்டு மணிவரை போகும். மனைவி பதில் சொல்லச் சொல்ல, கணவரின் மனதில் அதுவரை வெறும் பெயராக இருந்தவன் முகமும் உடுப்பும் இருக்கையும் கொண்ட படமாகிவிட்டான். வேலைக்குப் போக அவர் ஏறுவதும் அதே கரையோர ரயில்தான். கடல் தெரிந்ததும் நெஞ்சு அடைக்கிறது என்று இப்போது பஸ்ஸில் போகிறார்.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. "முந்தநாள் ரெண்டு தரம் போனதெண்டு சொன்னீர். இண்டைக்கு மூண்டு தரம் எண்டுறீர். எது பொய்?" ஏழு வருடத்துக்கு முந்திய ஒன்றை நள்ளிரவில் அழுதுகொண்டே நினைவுபடுத்தினால் எவருக்கும் கணக்குப் பிசகும். நினைவின் இயல்பு அது. ஆனால் சந்தேகம் பிடித்த மனதுக்கு அந்தப் பிசகே சாட்சியாகிவிடுகிறது. கடைசியில் அவர் மனைவியைக் கோவிலுக்குக் கூட்டிப்போய்க் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்யவைத்தார். அந்த நிம்மதி எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டேன். "பின்னேரத் தேத்தண்ணி வரைக்கும்" என்றார் அவரே.

அந்தப் பதிலில் எல்லாம் இருக்கிறது. இந்தக் கேள்விகள் தகவலுக்காகக் கேட்கப்படுகிறவை அல்ல. நெஞ்சில் எழும் பதற்றத்தை அடக்கக் கேட்கப்படுகிறவை. பதில் வந்ததும் பதற்றம் தணிகிறது. தணிந்த சுகத்தைக் கண்ட மனம் அடுத்த பதற்றத்துக்கும் கேள்வியையே மருந்தாகத் தேடுகிறது. சொறியச் சொறியத் தினவு கூடுகிற கதைதான். "முழு உண்மையும் தெரிந்தால் நிறுத்திவிடுவேன்" என்று அவர் சொல்வது பொய்யல்ல, மனதார நம்பித்தான் சொல்கிறார். ஆனால் முழு உண்மை என்று ஓர் எல்லை அங்கே கிடையாது. கேள்வி கேட்காமல் அந்தப் பழைய ஆளின் பேஸ்புக்கைப் பார்ப்பது, தன்னை அவனோடு ஒப்பிடுவது, ஃபோனைத் துருவுவது எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. கணவரின் முறிந்த நிச்சயதார்த்தத்தைப் பிடித்துக்கொண்டு இதே பாடுபடும் மனைவிமாரும் வருகிறார்கள்.

அப்படியானால் எதைச் சொல்ல வேண்டும்? இன்றைய வாழ்க்கையைத் தொடுகிற எல்லாவற்றையும். முன்னர் பதிவுத் திருமணம் நடந்திருந்தால் சொல்லியே ஆகவேண்டும். விவாகரத்து வழக்கில் முதலில் கிடைக்கும் இடைக்காலத் தீர்ப்போடு எல்லாம் முடிந்ததென்று பலர் நினைக்கிறார்கள். குறைந்தது மூன்று மாதம் கழித்து அது முடிவான தீர்ப்பாக்கப்படும் வரை அந்தத் திருமணம் சட்டப்படி உயிரோடுதான் இருக்கிறது. பிள்ளை, கடன், இன்னும் தொடரும் தொடர்பு, ஒரே அலுவலகத்தில் வேலை, படங்களை வைத்து மிரட்டும் ஆள், இவையும் சொல்லவேண்டியவை. பாலியல் நோய்த் தொற்றும் அப்படித்தான். பரிசோதனைக்கு வெட்கப்படாதீர்கள். கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் உள்ள அரச கிளினிக்கில் இலவசமாகவும் இரகசியமாகவும் செய்கிறார்கள். இவற்றை மறைத்துப் பின்னர் தெரியவந்து துணை கொதித்தால், அதைச் சந்தேக நோய் என்று தள்ளாதீர்கள். அது உடைந்த நம்பிக்கை, அதற்கான வேலை வேறு.

இடம், உடுப்பு, தொடுகை, எண்ணிக்கை, "என்னைவிட அவன் எப்படி" என்ற ஒப்பீடு, இவற்றைச் சொல்லவேண்டிய கடமை எவருக்கும் இல்லை. அவை உங்கள் துணையின் தலைக்குள் படமாக மட்டுமே பயன்படும்.

இந்தத் தம்பதியை முதலில் தனித்தனியாகத்தான் பார்த்தேன். அடி, மிரட்டல் இருந்தால் சேர்த்து இருத்திப் பேசுவது ஆபத்து. இங்கே அது இல்லை. கணவரிடம் கேள்விகளையெல்லாம் எழுதச் சொல்லி, இன்றைய வாழ்க்கையைத் தொடுகிற கேள்விகளை மட்டும் பிரித்தோம். இரண்டு தேறின. அவற்றுக்கு ஒரே தடவை, பகலில், என் முன்னால் பதில். அதன்பிறகு கேட்கத் தோன்றினால் கால் மணி நேரம் தள்ளிப்போட வேண்டும், பிறகு அரை மணி, பிறகு அன்றைக்குக் கேட்பதே இல்லை. பதற்றம் முதலில் ஏறும். கேட்காமல் இருந்தாலும் அது தானாக இறங்கும் என்பதை அவருடைய உடம்பே கண்டுகொள்ள வேண்டும், நான் சொல்லி விளங்காது. மனைவி சொல்லவேண்டியதையும் மூவருமாக முடிவுசெய்தோம்: "உங்களுக்கு இப்ப கஷ்டமா இருக்கெண்டு தெரியுது. அதைப் பற்றிப் பேசி முடிச்சிட்டம். நான் இஞ்சதான் இருக்கிறன்." விளக்கமும் வேண்டாம், சத்தியமும் வேண்டாம். பிறகு ரயில். முதலில் தெஹிவளை வரை, அடுத்து கல்கிசை. அந்த நினைவு வராமலே போகும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. வந்தாலும் வேலைக்குப் போகலாம், சாப்பிடலாம், நித்திரை கொள்ளலாம் என்பதுதான் எங்கள் இலக்கு.

இந்த நினைவுகள் நாளில் மணிக்கணக்கைத் தின்றால், தூக்கமும் வேலையும் கெட்டால், மனநல வைத்தியரிடம் போங்கள். எண்ணச் சுழற்சி நோயாக இருந்தால் மருந்தும் உதவும். ஆதாரமே இல்லாமல் "இப்பவும் அவனோடதான்" என்று அசையாமல் நம்பினால் அது வேறு நோய், ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். அடிக்கிறார், ஃபோனைப் பறிக்கிறார், வெளியே விடவில்லை என்றால், "என்னில உள்ள அன்பாலதான்" என்று சொல்லிப் பொறுத்துக்கொள்ளாதீர்கள் பிள்ளைகளே. பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கு அழையுங்கள். மனநல உதவிக்கு அங்கொடைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இருக்கிறது. எப்படித் தொடங்குவதென்று தெரியாவிட்டால் "எனக்கு நித்திரை வருகுதில்லை" என்றே தொடங்குங்கள், மிச்சத்தை அவர்கள் கேட்பார்கள்.