ஆசிரியரின் பார்வை எங்கே விழுகிறது?

பாதிப் பேர் எதிரே பெஞ்சில், மீதிப் பேர் வீட்டில் கணினிக்கு முன்னால். ஹைப்ரிட் வகுப்பு என்றால் இதுதான். பல இடங்களில் இதற்கான ஏற்பாடு மேசை மேல் ஒரு மடிக்கணினியைத் திறந்து வைப்பதோடு முடிந்துவிடும். ஆசிரியர் வகுப்பைப் பார்த்துப் பேசுவார், வீட்டில் இருப்பவர்கள் நினைவுக்கு வந்ததும் குனிந்து மடிக்கணினியிடம் இரண்டு வார்த்தை பேசுவார், மறுபடி நிமிர்ந்துகொள்வார். தொலைவில் இருக்கும் மாணவருக்கு இது தன்னிடம் யாரோ பேசுவதுபோல இருக்காது; பக்கத்து அறையில் நடக்கும் பாடத்தை ஒட்டுக்கேட்பதுபோல இருக்கும்.

இதற்கு நல்ல மாற்று ஒன்று உண்டு. வகுப்பின் பின்சுவரில், ஆசிரியருக்கு நேர் எதிரே, ஒரு பெரிய திரையை மாட்டி அதில் தொலைதூர மாணவர்களின் முகங்களைக் காட்டுவது. அந்தத் திரையின் மேல்விளிம்பில் ஆசிரியரை நோக்கி ஒரு கேமரா. கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் திரையும் கேமராவும் சரியாக எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்து, இதே ஏற்பாடு பிரமாதமாகவும் அமையலாம், வீணாகவும் போகலாம். காரணம், கோணம்.

மடிக்கணினியில் பேசும்போது திரை கண்ணிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. நாம் பார்ப்பது திரையில் தெரியும் முகத்தை. அந்த முகமோ கேமராவுக்கு 12 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. கணக்குப் போட்டால் நம் பார்வைக்கும் கேமராவுக்கும் இடையே ஏறக்குறைய 11 டிகிரி வித்தியாசம். மறுமுனையில் இருப்பவருக்கு நாம் அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசுவதுபோலத் தெரிவது இதனால்தான். அதே முகம் 7 மீட்டர் தள்ளி, கேமராவுக்கு 45 சென்டிமீட்டர் கீழே இருந்தால்? இடைவெளி கிட்டத்தட்ட நாலு மடங்கு கூடியும் கோணம் 4 டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. தூரம் கூடக் கூடக் கோணம் சுருங்கும். பின்சுவரில் திரை வைப்பதன் முதல் லாபம் இதுதான். ஆசிரியர் முகத்தைப் பார்த்தாலே கேமராவைப் பார்த்ததுபோல ஆகிவிடுகிறது.

சரி, 4 டிகிரி விலகல் போதுமான அளவுக்குச் சின்னதா? இதைச் சோதித்துப் பார்த்தவர் மில்டன் சென். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த ஆய்வு 2002-ல் வெளிவந்தது. எதிரே இருப்பவர் நம் கண்ணைப் பார்க்கிறாரா இல்லையா என்று கண்டுபிடிப்பதில் நாம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு கூர்மையாக இல்லை என்பது அதில் தெரியவந்தது. பார்வை இடதுபுறமோ வலதுபுறமோ மேலேயோ சுமார் 1 டிகிரி நகர்ந்தாலே கண்டுபிடித்துவிடுகிறோம். கீழே நகர்ந்தால் மட்டும் சுமார் 5 டிகிரி வரை நம் கண்ணைப் பார்ப்பதாகவே எடுத்துக்கொள்கிறோம். கேமரா திரைக்கு மேலே இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். மாட்டுவதற்கு வசதி என்று திரைக்குக் கீழே கேமராவை வைத்துவிட்டால், ஆசிரியர் எந்த முகத்தைப் பார்த்தாலும் மேலே எதையோ பார்ப்பதாகத் தெரியும். நாம் தயவு காட்டும் ஒரே திசையைக் கைவிட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

இப்போது அளவுகளைப் போட்டுப் பார்ப்போம். 65 அங்குலத் திரை சுமார் 144 சென்டிமீட்டர் அகலம், 81 சென்டிமீட்டர் உயரம். கேமராவின் லென்ஸ் மேல்விளிம்புக்கு 5 சென்டிமீட்டர் மேலே, நடுவில். ஆசிரியர் 7 மீட்டர் தள்ளி நிற்கிறார். அந்தத் தூரத்தில் 1 டிகிரி என்பது திரையில் 12 சென்டிமீட்டர், 5 டிகிரி என்பது 61 சென்டிமீட்டர். ஆக, கேமராவுக்குக் கீழே 61 சென்டிமீட்டர் இறங்கும், ஆனால் பக்கத்துக்கு 12 சென்டிமீட்டர் மட்டுமே விரியும் ஒரு ஒடுங்கிய பட்டைதான் நமக்குக் கிடைக்கும் இடம். அதற்குள் இருக்கும் முகத்தைப் பார்த்தால் கண் பார்த்துப் பேசுவதாகத் தோன்றும், வெளியே போனால் தோன்றாது.

பதினாறு மாணவர்களை நாலுக்கு நாலு கட்டமாகக் காட்டினால் என்ன ஆகிறது? ஒவ்வொரு கட்டமும் 36 சென்டிமீட்டர் அகலம். உள்பக்கம் இருக்கும் இரண்டு வரிசைகளின் நடுக்கோடுகள்கூட கேமராவிலிருந்து 18 சென்டிமீட்டர் விலகியிருக்கின்றன, வெளிவரிசைகளோ 54 சென்டிமீட்டர். அதாவது கேமராவுக்கு நேர்கீழே ஒரு முகமும் இல்லை! மூன்றுக்கு மூன்று வைத்தால் நடுவரிசை நேர்கீழே வந்துவிடும். பக்கவாட்டில் வரும் கட்டங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பது நல்லது என்பதைப் பெரும்பாலான ஏற்பாட்டாளர்கள் யோசிப்பதே இல்லை.

இன்னொரு விஷயம். தொலைதூர மாணவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் அவர்கள் அத்தனை பேருக்கும் கண் ஒன்றுதான், அந்தக் கேமரா. ஆசிரியர் இடது ஓரக் கட்டத்தில் இருக்கும் மாணவியைப் பார்த்து ‘நீ சொல்லும்மா’ என்றால், அவர் பக்கவாட்டில் பார்ப்பதாகவே எல்லாருக்கும் தெரியும், அந்த மாணவி உட்பட. நேரே கேமராவைப் பார்த்தால் அத்தனை பேருக்கும் தன்னைப் பார்ப்பதாகத் தோன்றும். அதனால் திரையில் அந்தந்த மாணவரின் இடத்தைத் தேடிப் பார்த்துப் பேசுவதில் பயன் இல்லை. பேசுகிற மாணவரின் முகத்தைக் கேமராவுக்குக் கீழே கொண்டுவருவதுதான் வழி.

ஆகவே இரண்டு விதமான காட்சி வேண்டும். பாடம் நடத்தும்போது எல்லா முகங்களும் கட்டங்களாக இருக்கட்டும். யார் கை தூக்குகிறார், யார் முகம் சுருங்குகிறது என்று ஆசிரியர் நோட்டம் விட்டால் போதும், அப்போது பார்வை எங்கே விழுகிறது என்பது பெரிதல்ல. ஒருவர் கேள்வி கேட்டதும் பேசுபவரைப் பெரிதாகக் காட்டும் காட்சிக்கு மாறிவிட வேண்டும். அப்போது முகம் நடுவில், கேமராவுக்கு 45 சென்டிமீட்டர் கீழே. 5 டிகிரிக்குள் வந்தாயிற்று.

முகத்தின் அளவுக்கும் இது உதவுகிறது. நாலுக்கு நாலு கட்டத்தில் தலை சுமார் 10 சென்டிமீட்டர் உயரமே இருக்கும். உண்மையான தலை 22 சென்டிமீட்டர். அப்படியானால் 7 மீட்டரில் இருக்கும் அந்தப் படம், 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மாணவரைப் பார்ப்பதற்குச் சமம். கை தூக்கினால் தெரியும், புரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினால் தெரியாது. அதே திரை முழுக்க ஒரே முகம் வந்தால் 4 மீட்டர் தள்ளி, இரண்டாவது பெஞ்சில் இருப்பவர்போல ஆகிவிடுகிறார். திரையை 86 அங்குலமாக்கினால் கட்டங்களும் பெரிதாகும், உண்மைதான். கூடவே ஓர முகங்கள் கேமராவிலிருந்து இன்னும் விலகிப் போகும்.

உயரத்தைப் பொறுத்தவரை, திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 145 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் உட்கார்ந்திருக்கும் மாணவர்களின் தலைகள் மறைக்காது. கேமரா 230 சென்டிமீட்டருக்குப் போய்விடும். அங்கிருந்து ஆசிரியரின் கண்ணுக்கு 6 டிகிரி இறக்கம் மட்டுமே, கூரையிலிருந்து குனிந்து பார்ப்பதுபோல இருக்காது.

தூரத்தால் கிடைத்த லாபத்துக்கு ஒரு விலை கொடுக்க வேண்டும், அது கேமராவில் வருகிறது. சாதாரண வெப்கேம் பக்கவாட்டில் 70 டிகிரியைப் பார்க்கிறது என்று வைத்துக்கொண்டால், 7 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலத்தைப் படம்பிடிக்கும். 1920 பிக்சலை அதில் பரப்பினால் ஆசிரியரின் முகத்துக்கு அகலவாக்கில் 30 பிக்சல்கூடத் தேறாது. அவர் எங்கே பார்க்கிறார் என்ன, கண் திறந்திருக்கிறதா என்பதே தெரியாது. இவ்வளவு நேரம் பேசிய கோணக் கணக்கெல்லாம் தண்டம். ஆப்டிகல் ஜூம் உள்ள கேமரா கட்டாயம் வேண்டும். அதைக் குவித்து, ஆசிரியரைச் சுற்றி இரண்டரை மீட்டர் அகலம் மட்டும் படத்தில் வரும்படி செய்தால் முகத்துக்கு 115 பிக்சல் கிடைக்கும். டிஜிட்டல் ஜூம் இருக்கும் பிக்சல்களையே இழுத்துப் பெரிதாக்குவது, அது இந்த இடத்தில் உதவாது.

கரும்பலகைக்கு 4 மீட்டர் அகலம் வேண்டியிருக்கும். வீடியோ 1280 பிக்சல் அகலத்தில் போகிறது என்றால், ஒரு பிக்சல் பலகையில் 3 மில்லிமீட்டர். 5 சென்டிமீட்டர் உயர எழுத்து தப்பிவிடும். ஆனால் 5 மில்லிமீட்டர் புள்ளி ஒன்றிரண்டு பிக்சலில் முடிந்துபோகிறது. வீடியோவைச் சுருக்கி அனுப்பும்போது அதுவும் கரைந்துவிடும். ‘க்’ ‘க’ ஆகும், 2.5 என்பது 25 ஆகும். வீட்டிலிருப்பவர்கள் விடையைத் தப்பாக எழுதினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பெரிதாக எழுதுவதும், புள்ளியை அழுத்தி உருட்டி வைப்பதும் இதற்கு மலிவான மருந்து.

ஆசிரியர் நடந்தால் பின்தொடரும் வசதி இப்போது பல கேமராக்களில் வருகிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. முன்பெஞ்சில் ஒருவர் எழுந்தால் அவரைத் துரத்திக்கொண்டு போகும் என்பது ஒரு பக்கம். பெரிய தொல்லை வேறு. வீடியோவைச் சுருக்கும் முறை பெரும்பாலும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மாறியதைத்தான் அனுப்புகிறது. கேமராவே நகர்ந்தால் சுவர், பலகை, எழுத்து எல்லாம் ஒரேயடியாக மாறும். அத்தனையையும் அனுப்ப இணைப்பில் இடம் இல்லாததால் படம் மங்கும், ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் எழுத்து தெளியச் சற்று நேரம் பிடிக்கும். அசையாத சில நிலைகளைப் பதிந்து வைத்துக்கொண்டு பொத்தானால் மாற்றுவதே மேல்: ஆசிரியர், பலகை, முழு வகுப்பு. மூன்றாவது நிலை எதற்கென்றால், தொலைதூர மாணவர் பேசும்போது வகுப்பே திரும்பிப் பின்சுவரைப் பார்க்கும். அதுவரை பின்னந்தலைகளையே கண்டவர்களுக்கு அந்த ஒரு நேரத்தில்தான் சக மாணவர்களின் முகம் தெரியும்.

அவர்கள் திரும்ப வேண்டுமானால் குரலும் பின்னாலிருந்து வர வேண்டும். ஒலிபெருக்கியைத் திரைக்கு அருகிலேயே வையுங்கள். ஆசிரியரின் மைக் மட்டும் அங்கே இருக்கக் கூடாது. 7 மீட்டர் தூரத்தில் நேர்க்குரலைவிடச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிதான் அதிகம் பதியும். காலர் மைக் போட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாம் மாட்டிய பிறகு சோதிப்பது எளிது. ஒருவர் வேறு அறையிலிருந்து இணைப்பில் சேரட்டும். ஆசிரியர் இடத்தில் நிற்பவர் திரையில் ஒவ்வொரு கட்டமாக, எந்தக் கட்டம் என்று சொல்லாமல், சில விநாடிகள் பார்க்கட்டும். தன்னைப் பார்ப்பதாக மறுமுனைக்காரர் சொல்லும் கட்டங்களைக் குறித்துக்கொண்டால் அந்த ஒடுங்கிய பட்டையின் எல்லை உங்கள் அறைக்கு எது என்று தெரிந்துவிடும்.

சின்ன அறையில்தான் சிக்கல். ஆசிரியருக்கும் திரைக்கும் இடையே 4 மீட்டர்தான் என்றால் 5 டிகிரி என்பது வெறும் 35 சென்டிமீட்டர். 65 அங்குலத் திரையின் நடுவில் இருக்கும் முகம் அதற்குக் கீழே போய்விடும். அங்கே 43 அங்குலத் திரை போதும். நடுமுகம் கேமராவுக்கு 32 சென்டிமீட்டர் கீழே நிற்கும், தூரம் குறைந்ததால் முகமும் முன்போலவே பெரிதாகத் தெரியும்.